எந்தச் சொல் விளங்கல?

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எனக்குக் கிடைத்த மதிப்பெண் தாளில் நாலாவது வரி இது: ‘உச்சரிப்புத் தெளிவு: 10க்கு 4. பிரதேச வழக்கைத் தவிர்க்கவும்.’

மற்ற வரிகள் எல்லாம் நல்லாத்தான் இருந்தன. வணக்கம் சொன்ன விதம் 10க்கு 10. அடையாள அட்டை நம்பரைக் கேட்டுச் சரிபார்த்தது 10க்கு 10. ஆளின் பிரச்சினையை அதே அழைப்பில் தீர்த்து வைத்தது 10க்கு 9. அதாவது, அவங்க சொன்னது எனக்கு விளங்கியிருக்கு. நான் சொன்னது அவங்களுக்கு விளங்கியிருக்கு. வேலையும் முடிஞ்சிருக்கு. ஆனா நான் பேசினது மட்டும் தெளிவில்லையாம். ‘இது எப்படி?’ என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே ‘வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ’ என்று பழகத் தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்த ‘ங்கோ’வைப் பற்றியது.

நான் ஹட்டன் பக்கம். கொழும்பில் ஒரு கம்பெனியின் தமிழ் ஹொட்லைனில் வேலை. எங்கள் அணியில் பெரும்பாலானவர்கள் யாழ்ப்பாணம், வன்னி. மலைநாட்டிலிருந்து நான் ஒருத்திதான். பயிற்சி தந்தவரும், பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுபவரும் யாழ்ப்பாணத்தவர்கள். இதில் ஒரு குற்றமும் இல்லை. அவங்க கெட்ட ஆட்களும் இல்லை. என் சண்டை அந்தத் தாளில் இருக்கிற ‘பிரதேச வழக்கு’ என்ற இரண்டு சொல்லோடுதான்.

ஏனென்றால், பயிற்சியில் எங்களுக்குத் தந்த ‘பொதுத்தமிழ்’ வசனம் இது: ‘சற்று நேரம் இணைப்பில் இருங்கோ.’ கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ‘சற்று நேரம்’ என்று யாழ்ப்பாணத்திலும் யாரும் வீட்டில் கதைப்பதில்லை, அது புத்தகத் தமிழ். ‘இருங்கோ’ அசல் யாழ்ப்பாணம். புத்தகத்தையும் யாழ்ப்பாணத்தையும் ஒட்டினால் அது பொதுத்தமிழ். அதே இடத்தில் நான் ‘கொஞ்சம் லைன்ல இருங்க’ என்றால் அது பிரதேச வழக்கு. ஒரு ஊரின் பேச்சு ‘தமிழ்’ ஆகவும், மற்ற எல்லா ஊரின் பேச்சும் ‘வழக்கு’ ஆகவும் இருக்கிற இடத்தில், பேச்சுக்கு மதிப்பெண் போடவில்லை, ஊருக்குத்தான் போடுகிறார்கள்.

சரி, நான் பழகினேன் என்றேனே, அது எப்படிப் போனது?

கேவலமாகப் போனது. ‘வாங்க’ என்பதை ‘வாங்கோ’ ஆக்கலாம். ‘சொல்லுங்க’ என்பதைச் ‘சொல்லுங்கோ’ ஆக்கலாம். ஆகவே ‘ங்க’ வருகிற இடத்தில் எல்லாம் ‘ங்கோ’ போட்டால் போதும் என்று என் மூளை கணக்குப் போட்டுவிட்டது. ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரிடம் ‘ஐயா, கிளையில ஆக்கள் இருக்கிறாங்கோ’ என்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த அக்கா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தா. யாழ்ப்பாணத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே அது ‘இருக்கினம்’. ‘ங்கோ’ முன்னால் இருக்கிற ஆளை மரியாதையாகக் கூப்பிடுகிற, ஏவுகிற இடத்துக்கு மட்டும். தூரத்தில் இருக்கிற ஆட்களுக்கு ‘இனம்’: வருகினம், போகினம், சொல்லுகினம். எங்கள் பேச்சில் ‘வாங்க’வுக்கும் ‘இருக்காங்க’வுக்கும் முடிவு ஒன்றுபோலக் கேட்கும். அவர்கள் பேச்சில் அது இரண்டு வேறு முடிவு. நான் ஒரு பேச்சின் ஓசையை மட்டும் திருடி, அதன் இலக்கணத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இந்தச் சம்பவத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. யாழ்ப்பாணத் தமிழுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. என்னுடையதுக்கும் இருக்கு. நடுவில் நான் செய்த கலவைக்குத்தான் ஒரு ஒழுங்கும் இல்லை. இன்னொன்றும் நடந்தது. முடிவுகளைக் கவனித்துக்கொண்டே பேசியதால் விஷயத்தைக் கவனிக்க முடியவில்லை. ஒரு பில் இலக்கத்தை இரண்டு தடவை பிழையாக வாசித்தேன். என் பேச்சு தெளிவில்லாமல் போனது அப்போதுதான், அதற்கு முந்தி இல்லை.

பிறகு ஒரு கிழமை நான் வேறு வேலை செய்தேன். கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, வாடிக்கையாளர் ‘என்ன? திருப்பிச் சொல்லுங்கோ’ என்று கேட்ட ஒவ்வொரு தடவையையும் எழுதினேன். அதற்கு முன் நான் சரியாக என்ன சொன்னேன் என்பதையும் எழுதினேன். கிழமை முடிவில் பதினொரு வரி இருந்தது. ஆறு, லைன் இரைச்சல் அல்லது பஸ்ஸுக்குள் இருந்து கதைத்தவர்கள். இரண்டு, நான் இலக்கங்களை வேகமாக வாசித்தது. மிச்சம் மூன்றுதான் என் ஊர்ப் பேச்சால் வந்தவை. அந்த மூன்றில் ஒன்றில்கூட என் ‘உச்சரிப்பு’ பிரச்சினை இல்லை. மூன்றும் சொற்கள்.

அதில் ஒன்றை விவரமாகச் சொல்ல வேணும், ஏனென்றால் அதில்தான் முழு விஷயமும் இருக்கு.

சாவகச்சேரிப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா எடுத்திருந்தா. அவவின் கணக்கில் ஒரு பிழையான கழிப்பு. என்னால் திருத்த முடியாது, மேலே அனுப்ப வேணும். நான் சொன்னேன்: ‘கவலப்படாதீங்கம்மா, நாளைக்கு எங்க மேனேஜர் உங்ககிட்ட பேசுவாரு.’ அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு குரல் மாறி வந்தது: ‘ஏன் பிள்ளை, நான் என்ன பிழை செய்தனான்? அவர் ஏன் எனக்குப் பேச வேணும்?’

எங்கள் ஊரில் பேசுறது என்றால் பேசுறது. யாழ்ப்பாணத்தில் கதைக்கிறதுதான் கதைக்கிறது. பேசுறது என்றால் ஏசுறது. ‘அம்மா பேசினவ’ என்றால் அம்மா திட்டினா என்று பொருள். நான் ஒரு வயசான மனுஷியிடம், உங்கள் காசை நாங்கள் பிழையாக வெட்டிவிட்டோம், அதுக்காக நாளைக்கு எங்கள் மேனேஜர் உங்களுக்கு ஏசுவார் என்று, மரியாதையாக, சிரித்த குரலில், சொல்லியிருக்கிறேன்.

மற்ற இரண்டும் இதே மாதிரித்தான். ஒருவர் ‘நாளையிண்டைக்கு வாறன்’ என்றார். நான் நாளைக்கு என்று பதிந்தேன். அவர் சொன்னது நாளை மறுநாள். இன்னொருவர் ‘எனக்கு ஏலாது தங்கச்சி’ என்றார். வர விருப்பமில்லை என்று நினைத்து அழைப்பை முடிக்கப் போனேன். அவருக்கு உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கிறது. கிளைக்கு வர முடியாது, வேறு வழி இருக்கா என்று கேட்கத்தான் எடுத்திருக்கிறார்.

இப்போது கவனியுங்கள். மூன்று குழப்பத்திலும் திருத்த வேண்டியது என்ன? ‘பேசுவாரு’ என்பதை ‘கோல் பண்ணுவாரு’ என்று மாற்றினேன், முடிந்தது. நாள் சொன்னால் ‘நாளையிண்டைக்குன்னா வெள்ளிக்கிழமதானே?’ என்று கிழமையைச் சேர்த்துக் கேட்டேன், முடிந்தது. ‘ஏலாது’ என்றால் ‘வர முடியாதா, இல்ல சுகமில்லையா?’ என்று கேட்டேன், முடிந்தது. மூன்று சொல். அதுக்காக நான் என் ‘வந்தேன்’ஐ ‘வந்தனான்’ ஆக்க வேண்டியதில்லை, ‘ன்னு’வை ‘எண்டு’ ஆக்க வேண்டியதில்லை, ‘டிக்கெட்’டை ‘ரிக்கற்’ ஆக்க வேண்டியதில்லை. சாவகச்சேரி அம்மா என் ‘கவலப்படாதீங்கம்மா’வில் தடுக்கி விழவில்லை. ‘பேசுவாரு’வில்தான் விழுந்தா.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஊர்ப்பேச்சில் இரண்டு பகுதி இருக்கு. ஒன்று சொல்: அங்கே ஒரு பொருள், இங்கே இன்னொரு பொருள். அது உண்மையாகவே ஆட்களைக் குழப்பும். அதைத் தெரிந்து வைத்திருப்பது வேலையின் ஒரு பகுதி, அதில் வெட்கம் இல்லை. மற்றது ஓசையும் வினைமுடிவும் இழுவையும். அது யாரையும் குழப்பாது. நான் எந்த ஊர் என்று மட்டும் சொல்லும். ‘உச்சரிப்புத் தெளிவு’ என்ற பெயரில் எங்களிடம் மாற்றச் சொல்வது எப்போதும் இரண்டாவதைத்தான். முதலாவதைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி யாரும் சொல்லித் தரவில்லை.

ஏன் அப்படி? ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்க்கலாம். எங்கள் ஒபிஸில் மதியச் சாப்பாட்டு நேரம் ஃபோனில் தமிழ்ப்படம் ஓடும். கதாநாயகன் ‘வாங்க’ என்பான், ‘வந்துட்டேன்’ என்பான், ‘அப்புறம்’ என்பான். யாரும் ‘விளங்கேல்ல’ என்று சொன்னதில்லை. வசனம் மனப்பாடம். அதே ‘வந்துட்டேன்’ஐ நான் சாப்பாட்டு மேசையில் சொன்னால் ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பார். அப்போ பிரச்சினை ‘வந்துட்டேன்’இல் இல்லை. சென்னையில் இருந்து வந்தால் அது ஸ்டைல், லயத்தில் இருந்து வந்தால் அது ‘தோட்டத்துத் தமிழ்’.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கு என்று நமக்குத் தெரியும். 1948இல் ஒரு சட்டம் எங்கள் தாத்தா பாட்டிகளை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, யார் யார் எந்தக் கரைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமை தருகிற சட்டம் வர 2003 ஆனது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் ‘பிள்ளை இந்தியாவோ?’ என்று சாதாரணமாகக் கேட்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனா என் காதில் அது வேறு மாதிரி விழும். வினைமுடிவை வைத்து ஆளை நாடு கடத்துகிற கேள்வி அது. நான் இப்போதெல்லாம் ‘இல்லங்கய்யா, ஹட்டன்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் ‘உங்க கணக்கு இலக்கத்தச் சொல்லுங்க’ என்று போய்விடுவேன். விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை.

யாழ்ப்பாண நண்பர்களுக்கு ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்த வேணும். 1960களில் இலங்கையில் ‘மரபுப் போராட்டம்’ என்று ஒரு பெரிய இலக்கியச் சண்டை நடந்தது. டொமினிக் ஜீவா, டானியல் போன்றவர்கள் கதைகளில் யாழ்ப்பாணத்துச் சாதாரணச் சனங்களின் பேச்சை அப்படியே எழுதினார்கள். பண்டிதர்கள் சிலர் கொதித்தெழுந்து அதற்கு வைத்த பெயர் ‘இழிசனர் வழக்கு’. அதாவது இன்றைக்கு என் மதிப்பெண் தாளில் ‘தமிழ்’ ஆக நிற்கிற பேச்சே, இரண்டு தலைமுறைக்கு முந்தி அச்சில் வரத் தகுதியில்லாத பேச்சாகச் சொல்லப்பட்டது. அந்தச் சண்டையில் பேச்சின் பக்கம் நின்றவர்கள் வென்றதால்தான் இன்றைக்கு நாம் இப்படி எழுதுகிறோம். சென்னைக்குப் போன எந்த யாழ்ப்பாணத்தவரையும் கேட்டுப் பாருங்கள், ‘நீங்க மலையாளமா?’ என்று கேட்கப்பட்ட கதை ஒன்று வைத்திருப்பார். அந்தக் கேள்வி எப்படிக் குத்தும் என்று தெரிந்தவர்கள், அதைக் கைமாற்றி எங்களிடம் தரக்கூடாது.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. அதை எங்கள் சூப்பர்வைசரே கேட்டார்: ‘தங்கச்சி, எடுக்கிற சனம் கூட வடக்கு. அவைக்குப் பழகின மாதிரிக் கதைச்சா நல்லம்தானே?’

நல்லதுதான். ஆனா பழக்கம் ஒரு பக்கம் மட்டும் நடக்கிற வேலையா? எங்களுக்கு நுவரெலியாவில் இருந்தும் பதுளையில் இருந்தும் ஆட்கள் எடுக்கிறார்கள். தோட்டத்து அம்மா ஒருத்தி ‘சம்பளத்துல புடிச்சிட்டாங்க, எப்ப திருப்பிப் போடுவீங்க?’ என்று கேட்கிறபோது, அந்தப் பக்கம் ‘உந்த ரிசீற்றில இருக்கிற நம்பரை வாசியுங்கோ’ என்று வருகிறது. ‘உந்த’ என்றால் என்ன என்று அவவுக்குத் தெரியாது. உண்மையில் அது அருமையான சொல். இந்தவும் இல்லை, அந்தவும் இல்லை, கேட்கிறவர் கையில் இருப்பது. தொலைபேசி வேலைக்கென்றே செய்த மாதிரி இருக்கும், எங்கள் பேச்சில் அப்படி ஒன்று இல்லையே என்று எனக்குப் பொறாமை. ஆனா அந்த அம்மாவுக்கு அது விளங்காதபோது யாருடைய தாளிலும் ‘பிரதேச வழக்கைத் தவிர்க்கவும்’ என்று எழுதவில்லை. அம்மாவுக்கு விளங்கவில்லை என்று பதிந்தார்கள். நான் பேசி விளங்காவிட்டால் குறை என் வாயில். அவங்க கதைத்து விளங்காவிட்டால் குறை கேட்கிறவரின் காதில். இந்தக் கணக்கைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

அப்போ என்ன செய்யலாம்? ‘தைரியமாப் பேசு’ என்று சொல்வது லேசு. அதைக் கேட்டு யாருக்கும் தைரியம் வந்ததில்லை. எனக்கு உதவினது ஒரே ஒரு கேள்விதான்.

கிழமைக் கூட்டத்தில் நான் ஒரு பிரச்சினையை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒருவர் சிரித்துக்கொண்டே ‘விளங்கேல்ல, தமிழில சொல்லும்’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முந்தி என்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன், அதுதான் தப்புகிற வழி. அன்றைக்குச் சிரிக்காமல், கோபப்படாமல், அதே குரலில் கேட்டேன்: ‘எந்தச் சொல் விளங்கல?’

அவரிடம் பதில் இல்லை. ஏனென்றால் எல்லாச் சொல்லும் விளங்கியிருந்தது. ஒரு கணம் அறை அமைதி. நான் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தேன்.

இந்தக் கேள்வி ஏன் வேலை செய்கிறது என்றால், அது உண்மையான கேள்வி. யாராவது ‘அப்புறம் எண்டா என்ன, பேந்து எண்டதோ?’ என்று ஒரு சொல்லைக் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு அந்தச் சொல்லை மாற்றுங்கள். நமக்கும் ஒரு சொல் கூடும். சொல்லைக் காட்ட முடியாவிட்டால், விளங்காதது உங்கள் பேச்சு இல்லை, உங்கள் ஊரைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று கேட்டவருக்கே தெரிந்துவிடும். ஆனா இதற்கு ஒரு எல்லை இருக்கு. சம்பள உயர்வைத் தீர்மானிக்கிற ஆளிடம், தனி அறையில், இந்தக் கேள்வி இவ்வளவு லேசாக வாயில் வராது. அங்கே கொப்பிதான் துணை. பதினொரு தடவை திருப்பிக் கேட்டார்கள், மூன்று என் சொல்லால், அந்த மூன்றையும் மாற்றிவிட்டேன், மிச்சம் எது என்று காட்டுங்கள் என்று தாளை முன்னால் வைத்தேன். அடுத்த மாதம் 4, 7 ஆனது. ‘பிரதேச வழக்கைத் தவிர்க்கவும்’ என்ற வரி போகவில்லை. அது அச்சடித்த தாள், எல்லாருக்கும் அதே வரிதான் என்றார்கள். எல்லாருக்கும் என்றால் யாழ்ப்பாண அக்காவுக்கும் அதை ஒரு நாள் வாசித்துக் காட்டுங்கள் என்றேன். சிரித்தார். பதில் வரவில்லை.

கடைசியாக ஒன்று. அந்த முதல் மூன்று மாதமும் அம்மா ஃபோன் எடுத்தால் நான் படிக்கட்டுக்கு ஓடுவேன். ‘என்னாம்மா, சாப்புட்டீங்களா, மழையா அங்க’ என்று நான் கேட்பது மேசையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று. ஒரு நாள் அம்மாவே கேட்டா: ‘ஏன் புள்ள ஒளிஞ்சி ஒளிஞ்சி பேசுற?’ அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பொய் இன்னும் ஞாபகம் இருக்கு: ‘இங்க சிக்னல் இல்லம்மா.’

இப்போ என் மேசையிலேயே சிக்னல் இருக்கு.